சுங்க டிக்ளரேஷன் போட்டது புரோக்கர், பொறுப்பு யாருக்கு?

“புரோக்கர்தானே டிக்ளரேஷன் போட்டார், தப்புக்கு நான் ஏன் அபராதம் கட்டணும்?”

இறக்குமதியாளர் பதிவு உங்கள் பெயரில் இருக்கிறது, புரோக்கர் உங்கள் அதிகாரக் கடிதத்தை வைத்துத் தாக்கல் செய்யும் முகவர். தெரிந்தே பொய் எழுதினால் அவரும் மாட்டுவார், ஆனால் வரிப் பாக்கி பெரும்பாலும் உங்கள் தலையில்தான். எனக்கும் நடந்தது. இன்வாய்சில் வெறும் ‘ஸ்டீல் பாட்டில்’ என்றிருந்ததால் புரோக்கர் 7323 என்ற சுங்க வகைப்பாட்டு எண்ணில் போட்டுவிட்டார். அதிகாரிகள் பெட்டியைத் திறந்து பார்த்தால் இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம், அதாவது ஃபிளாஸ்க், அது 9617. வித்தியாச வரி, அபராதம், கிடங்கு வாடகை எல்லாம் என் செலவு. இப்போது படமும் பொருள் விவரமும் மெயிலில் அனுப்பி, வரைவை வாங்கி வரிவரியாகப் படித்த பிறகே தாக்கல் செய்யச் சொல்கிறேன். சந்தேகமான பொருளா, பல நாடுகளில் சரக்கு கிளம்பும் முன்பே சுங்கத்துறையிடம் எழுத்துபூர்வமாக வகைப்பாடு கேட்டு வாங்கலாம்.