டின் அடுக்கு சரிந்த கேள்விக்கு எப்படி விடை எழுதுவது?

சட்டக் கல்லூரியில் தீங்கியல் சட்டம் நடத்துகிறேன். இந்த முறையும் விடைத்தாள் திருத்தும்போது அதே வருத்தம்தான். கேள்வி இது: சூப்பர் மார்க்கெட்டில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய எண்ணெய் டின்கள் சரிந்து, வாடிக்கையாளர் ஒருவரின் மணிக்கட்டு முறிகிறது. கடை பொறுப்பா?

பெரும்பாலோர் முதல் இரண்டு பக்கத்தை கவனக் கடமைக்கு அடிப்படையான டொனகு எதிர் ஸ்டீவன்சன் வழக்கில் பானப் பாட்டிலுக்குள் கிடந்த நத்தைக்கே கொடுத்துவிடுகிறார்கள். கடைக்காரருக்கு வாடிக்கையாளர் மீது கவனக் கடமை உண்டு என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. இரண்டு வரி போதும். சண்டையெல்லாம் கடமை மீறப்பட்டதா என்பதில்தான்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது, டின்கள் ஏன் சரிந்தன என்று கேள்வியில் சொல்லியிருக்கிறதா என்பது. சொல்லவில்லை என்றால் 1865-இன் ஸ்காட் வழக்கு கைகொடுக்கும். லண்டன் துறைமுகக் கிடங்கில் சர்க்கரை மூட்டைகள் ஒருவர் மேல் விழுந்தன. பொருள் எதிராளியின் கட்டுப்பாட்டில் இருந்து, கவனமாக இருந்தால் பொதுவாக நடக்காத விபத்து நடந்து, அவரிடமிருந்து விளக்கமும் வராவிட்டால், விபத்தே கவனக்குறைவுக்குச் சான்று என்றது நீதிமன்றம். இதுதான் ரெஸ் இப்சா லொக்விடர். நம் உச்ச நீதிமன்றம் 1966-இல் சுபாக்வந்தி வழக்கில் இதையே பயன்படுத்தியது. டெல்லி சாந்தினி சௌக்கில் இடிந்த மணிக்கூண்டுக்கு வயது 80. கட்டிய சாந்தின் ஆயுளோ 40, 45 ஆண்டுகள்தான்.

ஆனால் இந்த முறை கேள்வியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: சிறுவன் ஒருவன் அடி வரிசையிலிருந்து ஒரு டின்னை இழுத்தான். அந்த வரியோடு காரணம் தெரிந்துவிட்டது. இனி 'விழுந்ததே சாட்சி' என்று எழுத முடியாது. டயர் வெடித்த பார்க்வே வழக்கு (1950) சொல்வதும் இதுதான். அப்படியும் பாதிப் பேர் ரெஸ் இப்சாவையே எழுதியிருந்தார்கள். கேள்வியின் உயிரே அந்த வரிதான், அதைத் தாண்டிப் போய்விட்டார்களே என்று மனசு கேட்கவில்லை.

சரி, அப்புறம் என்ன எழுத வேண்டும்? ஒரே டின்னை இழுத்தால் மொத்தமும் சரியும்படி ஏன் அடுக்கினார்கள் என்று கேளுங்கள். குழந்தைகள் வந்துபோகும் கடையில், அவர்கள் கை எட்டும் உயரத்தில் டின் இருந்தால் இழுப்பார்கள் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. இடுப்பளவில் அடுக்கவோ முன்னால் ஒரு கம்பி கட்டவோ பெரிய செலவில்லை. 'இழுத்தது சிறுவன், நாங்கள் இல்லை' என்று கடை வாதிடும். எதைத் தடுக்க வேண்டியது கடையின் கடமையோ, அதே செயல் நடந்துவிட்டதால் காரணச் சங்கிலி அறுந்துவிடாது என்று பதில் எழுதுங்கள்.

அடிபட்ட வாடிக்கையாளருக்கு எலும்பு பலவீனம் என்பதும் கேள்வியில் இருந்தது. அதற்கு ஒரு பத்தி போதும். பாதிக்கப்பட்டவர் எந்த உடல்நிலையில் இருந்தாரோ அப்படியேதான் எதிராளி அவரை ஏற்க வேண்டும். வேறொருவருக்கு வெறும் வீக்கத்தோடு போயிருக்கும் என்று சொல்லி இழப்பீட்டைக் குறைக்க முடியாது.