மாத்திரை காலையில், சரக்கு ராத்திரி, ஆகவே பிரச்சினை இல்லையாம்!

அந்த ஆடியோவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்கள் கேட்கவே வேண்டாம். "டிபி மாத்திரைக்கும் சரக்குக்கும் எட்டு மணி நேரம் கேப் விட்டா ஒன்னும் ஆகாது, டாக்டருங்க சும்மா பயமுறுத்துறாங்க" என்று ஒருவர் அத்தனை தெம்பாகப் பேசுகிறார். நேற்று அதற்குக் கீழே நான் எழுதிய நாலு வரிக்கு வந்த பதில்களைப் பார்த்தீர்கள். சிரிப்புப் பொம்மைகள், "வந்துட்டாங்க அட்வைஸ் அம்மா", "உங்க வீட்ல யாரும் குடிச்சதே இல்லையா" என்கிற நக்கல். சரி, நாலு வரியில் புரியவில்லை என்றால் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. மருந்தாளுநர். மாத்திரையை எண்ணிக் கொடுப்பவள்தானே என்று நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

முதலில் அந்த கேப் கதை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. காலையில் போட்ட மாத்திரை சாயங்காலத்துக்குள் ரத்தத்தில் வெகுவாகக் குறைந்துவிடும், இரவில் குடித்தது மறுநாள் விடிவதற்குள் ஓரளவு போய்விடும், இரண்டும் சந்திக்கவே இல்லை, பிறகென்ன சண்டை? வயிற்றுக்குள் இரண்டும் கலந்து விஷமாகிறது என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள் என்று இவர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. சிக்கல் வயிற்றில் இல்லை, கல்லீரலில்.

வழக்கமான காசநோய்ச் சிகிச்சையில் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பியூட்டால். இதில் எதாம்பியூட்டாலைத் தவிர மற்ற மூன்றும் கல்லீரலுக்குச் சுமைதான். குடியோடு சேரும்போது அதிகம் பேசப்படுவது ஐசோனியசிட். கல்லீரல் அதை உடைத்து வெளியே அனுப்பும்போது இடையில் ஹைட்ரசின் வகைப் பொருட்கள் உருவாகின்றன. பெரும்பகுதி சத்தமில்லாமல் போய்விடும். ஒரு பங்கை மட்டும் கல்லீரலில் இருக்கிற ஒரு நொதி இன்னும் வீரியமான நச்சாக மாற்றிவிடுகிறது. ஆல்கஹாலை உடைப்பதிலும் அதே நொதிக்குப் பங்கு உண்டு. தொடர்ந்து குடிப்பவரின் கல்லீரல் அந்த நொதியைக் கூடுதலாகச் செய்து வைத்துக்கொள்ளும். குடித்தது உடம்பை விட்டுப் போன பிறகும், கூடிப்போன நொதி உடனே போகாது. குறைய நாட்கள் ஆகும். அப்படியென்றால் காலையில் மாத்திரை உள்ளே போகும்போது என்ன நடக்கும்? ஆல்கஹால் இல்லை, நொதி வேலையில்லாமல் இருக்கிறது, முன்னால் ஐசோனியசிட் வருகிறது. நீங்கள் விட்ட எட்டு மணி நேரம் அங்கே எதையும் காப்பாற்றவில்லை. போதாததற்கு, இந்த நச்சைச் செயலிழக்கச் செய்ய கல்லீரலில் குளூட்டாத்தயோன் என்று ஒரு கையிருப்பு உண்டு, குடி அதையும் கரைத்து வைத்திருக்கும்.

திரும்பவும் சொல்கிறேன். கேப் விட்டாலும் ஆகும். கடிகாரம் பார்த்துக் குடிப்பதால் கல்லீரல் ஏமாறாது.

இனி என் வீட்டுக் கதை. எங்கள் வீட்டில் யாரும் குடித்ததில்லையா என்று கேட்டீர்களே, குடித்திருக்கிறார்கள். என் அக்கா வீட்டுக்காரர், அத்தான். அவரும் இதே கணக்குதான். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, இரவில் "கொஞ்சம்". அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று அக்காவுக்கே தெரியாது. ஐந்தாவது வாரம் பசி போனது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். மாத்திரை சூடு, மோர் குடித்தால் சரியாகும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். சிறுநீர் அடர் நிறமாகப் போனதை அவர் சட்டை செய்யவே இல்லை. ஏன் தெரியுமா? ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் முதல் நாளிலிருந்தே சிறுநீர் ஆரஞ்சாகத்தான் போகும், அது சாதாரணம், பயப்பட வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லி அனுப்புவார்கள். அந்த ஆரஞ்சுக்குப் பின்னால்தான் மஞ்சள் காமாலை ஒளிந்துகொண்டு வருகிறது. அதனால் சிறுநீரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, கண்ணின் வெள்ளையைப் பார்க்க வேண்டும். வழக்கமான அளவில் ரிஃபாம்பிசின் கண்ணை மஞ்சளாக்குவதில்லை. அக்கா ஒரு நாள் காலை வெளிச்சத்தில் அவர் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாள்.

ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் அடிபட்டால் ஏறுகிற எஸ்.ஜி.பி.டி. என்கிற அளவு நாற்பதுக்குள் இருக்க வேண்டியது, அறுநூறைத் தாண்டியிருந்தது. குமட்டல், காமாலை மாதிரி அறிகுறி இருந்தால் இயல்பான உச்ச அளவைப் போல் மூன்று மடங்கு, அறிகுறியே இல்லாவிட்டால் ஐந்து மடங்கு, அதற்கு மேல் போனால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். அவருடையது எல்லாக் கோட்டையும் தாண்டிவிட்டது. கல்லீரலைத் தாக்கும் மூன்றையும் நிறுத்தினார்கள். நோய் இன்னும் நெஞ்சுக்குள் இருக்கிறது, மருந்து இல்லை. அந்த இடைவெளியை அடைக்க, கல்லீரலை அதிகம் தொடாத வேறு மருந்துகளை எதாம்பியூட்டாலோடு சேர்த்துக் கொடுத்தார்கள். எஸ்.ஜி.பி.டி. இரண்டு மடங்குக்குக் கீழே இறங்கும் வரை காத்திருந்து, பிறகு முதலில் ரிஃபாம்பிசின், சில நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, சரியாக இருந்ததும் ஐசோனியசிட், மறுபடி பரிசோதனை. பைரசினமைடைத் திரும்பக் கொடுக்கவே இல்லை. அது இல்லாமல் ஆறு மாதத்தில் முடிக்க முடியாது என்பதால் சிகிச்சை ஒன்பது மாதமானது. "மாத்திரை சீக்கிரம் முடிஞ்சா நிம்மதியா குடிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் கூடுதலாக மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. நேற்று சிரித்தவர்கள் சொல்லலாம்.

"குடிக்காதவனுக்கும்தான் காமாலை வருது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மை. வருகிறது. ஐசோனியசிட்டை மெதுவாக உடைக்கும் உடம்பமைப்பு சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. வயது, உடல் மெலிவு, ஏற்கெனவே இருக்கும் ஹெபடைடிஸ் பி அல்லது சி, எல்லாமே ஆபத்தைக் கூட்டும். அத்தானுக்கு வந்தது முழுக்கக் குடியால்தான் என்று நான் கோர்ட்டில் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் குடிக்காதவனுக்கே வரக்கூடியதை, குடித்து இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொள்வது என்ன புத்திசாலித்தனம்? பிறவி அமைப்பை மாற்ற முடியாது, வயதை மாற்ற முடியாது. கையில் இருக்கும் ஒன்றை மாற்றச் சொன்னால் அதற்குத்தான் இத்தனை கோபம்.

"எங்க மாமா ஆறு மாசமும் குடிச்சாரு, நல்லாத்தான் இருக்காரு." இருக்கட்டும், நூறு வயது வாழட்டும். எல்லாருக்கும் வரும் என்று யார் சொன்னது? ஆபத்து கூடும் என்றுதான் சொல்கிறோம். உங்கள் கல்லீரல் உங்கள் மாமாவுடையது மாதிரியா என்பது மாத்திரை ஆரம்பிக்கும் அன்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

"பீர் ஒன்னுமில்ல, வாரத்துக்கு ஒரு தடவைதான்" என்பவர்களுக்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. இத்தனை மில்லி வரை பாதுகாப்பு என்று யாராலும் அளந்து தர முடியாது, அதனால்தான் சுத்தமாக வேண்டாம் என்கிறார்கள். அடுத்தது.

எனக்கு உண்மையில் பயமாக இருப்பது வேறு கூட்டம். "குடிக்கிற அன்னைக்கு மாத்திரை போட மாட்டேன், நான் உஷார்" என்கிறவர்கள். ஐயா, இது அதைவிட மோசம். மாத்திரையை விட்டு விட்டுப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகித் தேறிவிடும். அப்புறம் இந்த மாத்திரைகள் வேலை செய்யாத காசநோய் வரும், அது வீட்டில் இருக்கிற குழந்தைக்கும் பரவும். கல்லீரலைக் காப்பாற்றுகிறேன் என்று நுரையீரலை விற்கிற கணக்கு இது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இது டாக்டர்கள் பக்கம் இருப்பவர்களுக்குப் பிடிக்காது. அத்தான் ஏன் மறைத்தார்? முதல் நாளே "குடிப்பியா?" என்று எல்லார் முன்னாலும் அதட்டலாகக் கேட்டார்கள். "இல்லைங்க" என்றார். பத்து பேர் பார்க்கும்போது வேறென்ன சொல்வார்? குடிக்கிறார் என்று தெரிந்திருந்தால் ஆரம்பத்திலேயே கல்லீரல் பரிசோதனை செய்து, இடையிடையே திரும்பப் பார்த்திருப்பார்கள். ஐசோனியசிட் பி6 வைட்டமினைக் குறைக்கும், குடியும் குறைக்கும், இரண்டும் சேர்ந்தால் கால் எரிச்சல், மரமரப்பு என்று நரம்பு கெடும், அதற்கும் பி6 மாத்திரையை அக்கறையாகச் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர் ஒரே நாளில் விட்டால் கை நடுங்கும், தூக்கம் போகும், சிலருக்கு வலிப்பே வரும், அதற்கும் மருத்துவ உதவி வேண்டும். "நாளையிலிருந்து விட்டுடு" என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்பினால் அவர் எப்படி விடுவார்? அதை யோசிக்காமல் அவரைக் குடிகாரன் என்று ஒதுக்கினவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு போய் "டாக்டர் பொய் சொல்றார்" என்று ஆடியோ போட முடியாது. சொன்ன விதம் தப்பு, சொன்ன விஷயம் சரி. இந்த இரண்டையும் குழப்பித்தான் அந்த மனுஷன் கைதட்டு வாங்குகிறார்.

அக்கா அந்த ஆடியோவைக் கேட்டாள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர்தான் குடும்பக் குழுவில் போட்டிருந்தார், அத்தானும் இருக்கிற குழுவில். அவள் ஒன்றும் சொல்லவில்லை, குழுவை விட்டு வெளியேறிவிட்டாள். அதற்கும் கீழே ஒருவர் சிரித்திருக்கிறார். "அட்வைஸ் அம்மா" என்று என்னைச் சொன்னது கூட வலிக்கவில்லை, இதுதான் வலித்தது.

உள்பெட்டியில் வந்து பெயர் சொல்லாமல் கேட்டவருக்கு இங்கேயே பதில். நீங்கள் மாத்திரை சாப்பிடுகிறீர்கள், போன வாரம் குடித்துவிட்டீர்கள், இப்போது பயமாக இருக்கிறது. உடம்பில் தொந்தரவு எதுவும் இல்லையென்றால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நாளைக்கே போய்க் குடித்ததைச் சொல்லி, கல்லீரல் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். தலைவலிக்கு என்று பாராசிட்டமாலை இஷ்டத்துக்குப் போடாதீர்கள், அதுவும் அதே கல்லீரலுக்குத்தான் போகும். ஆனால் பசியே இல்லை, குமட்டுகிறது, வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது, மலம் வெளிறிப் போகிறது, கண் மஞ்சளாக இருக்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் பையோடு எடுத்துக்கொண்டு இன்றே கிளம்புங்கள். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், அதட்டினாலும் சொல்லுங்கள்.