சித்தியின் சமையல் வலைப்பூ

சித்தியின் சமையல் வலைப்பூ திறக்க நேரமாகிறது என்று ஊரிலிருந்து பலர் சொல்லியிருக்கிறார்கள். வலைப்பூ வேர்ட்பிரஸில் ஓடுவதால், சித்தி உடனே வேகத்தைக் கூட்டும் பிளகின் என்ற துணை நிரல் ஒன்றைப் போட்டுவிட்டார். பிறகு இன்னும் மெதுவாகிவிட்டது. பிளகினால் வந்த வினைக்கு இன்னொரு பிளகின் மருந்தாகாது என்பது என் உறுதியான எண்ணம். காரணத்தைச் சொல்கிறேன்.

போன வாரம் அவர் வீட்டுக் கணினியில் குரோமில் F12 அழுத்தி, Network பகுதியைத் திறந்து, கோப்புகளை அளவுவாரியாக வரிசைப்படுத்தினேன். மேலே ஐந்து படங்கள், ஒவ்வொன்றும் சுமார் 900 கேபி. பக்கத்தின் உச்சியில் மாறி மாறி ஓடும் ஸ்லைடரின் படங்கள் அவை. வாசகர் முதல் படத்தைப் பார்த்துவிட்டுக் கீழே போய்விடுவார். மீதி நான்கும் அவர் டேட்டாவைத் தின்னும்.

வேர்ட்பிரஸ் ஒரே படத்தைப் பல அளவுகளில் வெட்டி வைத்து, போனுக்குச் சிறியதை அனுப்பும் என்பது உண்மைதான். ஆனால் பதிவுக்குள் சாதாரணமாகச் சேர்த்த படத்துக்குத்தான் அது நடக்கும். அந்த ஸ்லைடரோ, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் வழியாகப் படத்தைப் பின்னணியாக வைத்திருந்தது. அதனால் 2560 பிக்சல் அகலப் படம் அப்படியே போனுக்கும் போனது.

ஸ்லைடரை எடுத்துவிட்டு ஒரே ஒரு படம் வைத்தோம். இன்றைய போன் திரைகள் பலவும் 1080 பிக்சல் அகலத்தை ஒட்டியவைதான், எனவே 1200 போதும். படத்தைச் சுருக்கும் squoosh.app தளத்தில் முதலில் அகலத்தைக் குறைத்து, அப்புறம் எடை குறைந்த WebP வடிவில், தரம் 75-இல் சேமித்தோம். 110 கேபி வந்தது. இட்லியின் ஓரத்தையும் சட்னியில் மிதக்கும் கடுகையும் பெரிதாக்கிப் பார்த்தோம், வித்தியாசம் தெரியவில்லை. தரத்தை 40-க்கு இறக்கியபோதுதான் சட்னி மேல் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

அடுத்தது அந்த வேக பிளகின். அது எல்லாப் படங்களையும் 'திரைக்கு அருகில் வந்தால்தான் ஏற்று' என்று தள்ளிப்போடுகிறது. கீழே உள்ள படங்களுக்கு நல்லதுதான், அதை வேர்ட்பிரஸ் 5.5 முதலே தானாகச் செய்கிறது. ஆனால் உச்சியில் உள்ள முதல் படத்தையும் தள்ளிப்போட்டால், ஸ்கிரிப்ட் ஓடும்வரை வெள்ளைத் திரைதான். பிளகினை நீக்கிவிட்டு, முதல் படத்தின் குறியீடு இப்படி இருக்கிறதா என்று பார்த்தேன்:

```html
<img src="idli.webp" width="1200" height="800" fetchpriority="high" alt="இட்லி">
```

fetchpriority="high" அந்தப் படத்தை முன்னுரிமையோடு எடுக்கச் சொல்கிறது. தள்ளிப்போடச் சொல்லும் loading="lazy" அதில் இருக்கக் கூடாது. அகலம், உயரம் இரண்டும் இருந்தால் படம் வரும்போது எழுத்துகள் கீழே குதிக்காது.

தொடர்புப் படிவ பிளகினை மட்டும் சித்தி விடமாட்டேன் என்றார். சரி, இருக்கட்டும். ஆனால் அதன் ஸ்கிரிப்ட் எல்லாப் பக்கத்திலும் ஏறிக்கொண்டிருந்தது, அதைத் தொடர்புப் பக்கத்துக்கு மட்டும் நிறுத்தினேன். பிளகின் எத்தனை என்று எண்ணுவதைவிட, ஒவ்வொன்றும் வாசகரின் பக்கத்தில் என்ன ஏற்றுகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். நிர்வாகப் பகுதியில் மட்டும் வேலை செய்யும் பிளகின் வாசகரைப் பெரும்பாலும் தொடாது.

பழைய பதிவுகளின் படங்களையெல்லாம் மாற்ற வேண்டுமா என்று சித்தி கேட்டார். வேண்டாம், அவை பதிவுக்குள் சாதாரணமாகச் சேர்த்தவை, போனுக்குச் சிறிய அளவே போகிறது என்று காட்டினேன். இனி ஏற்றும் படங்களை மட்டும் முதலில் குறைத்துவிட்டு ஏற்றுகிறார்.