ஊட்டியில் ஈரலுக்கு எதற்கு விசில்?

ஊட்டிக்காரர்கள் கறி எடுத்தால் கை தானாகக் குக்கருக்குப் போகும். அதில் தப்பில்லை. 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊரில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த சட்டியில் வைத்தால் தொடைக்கறி வேக மதியம் தாண்டிவிடும். ஆனால் அதே பழக்கத்தில் ஈரலையும் குக்கரில் போட்டு மூன்று விசில் விடுகிறோம் பாருங்கள், அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

கறியில் சவ்வும் நாரும் உண்டு. நேரம் கொடுத்தால் அவை இளகி, கறி பஞ்சாகும். ஆட்டு ஈரலில் அப்படி இளக வேண்டியது அதிகம் இல்லை. சூடு ஏற ஏற அது இறுகி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். "இன்னும் வேகல போல, ரெண்டு விசில் விடு" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். அந்த ரெண்டு விசிலில் ரப்பராக இறுகிய ஈரல் மாவு மாவாக உதிருமே தவிர, மென்மை திரும்பாது.

கால் கிலோ ஈரல் என்றால் நான் செய்வது இதுதான். மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை உரித்து, தடித்த குழாய்களை வெட்டி எடுத்துவிடுவேன். தோல் இருந்தால் சூட்டில் அது சுருங்கித் துண்டையும் சுருட்டும். இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, துணியால் ஒற்றி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைப்பேன். சில்லென்ற ஈர ஈரலைப் போட்டால் சட்டி சூடு இறங்கி, துண்டுகள் தன் தண்ணீரிலேயே வேகும். உப்பையும் முன்கூட்டிப் பிசற வேண்டாம், நீர் விடும்.

சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி மசாலாவை முதலில் நன்றாகச் சுருள வதக்கித் தனியே எடுத்துவிடுங்கள். பச்சை ஈரலை மசாலாவில் போட்டு மூடி வைப்பதுதான் பாதிக் கெடுதல். இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் பெரிய தீயில், துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் பரப்புங்கள். இடம் பற்றாவிட்டால் இரண்டு தடவையாகப் போடுங்கள். கிளறக் கூடாது. ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் மேல்பக்கம் சிவப்பு நீர் முத்து முத்தாக எழும்பும். அப்போது திருப்பிவிட்டு இன்னொரு ஒன்றரை நிமிடம். பிறகு தீயைக் குறைத்து மசாலா, உப்பு, மிளகுத்தூள் சேர்த்து இரண்டு நிமிடம் புரட்டினால் போதும். எண்ணெயின் சூட்டுக்கு மலை உயரம் கணக்கில்லை, அதனால் கீழே கோவையிலும் இதே நேரம்தான்.

பெரிய துண்டு ஒன்றை வெட்டிப் பாருங்கள். நடுவில் பச்சைச் சிவப்போ ரத்த நீரோ இருந்தால் இன்னும் ஒரு நிமிடம் விடலாம். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 71 டிகிரி. அது வந்ததும் சட்டியிலிருந்து தட்டுக்கு மாற்றிவிடுங்கள், இரும்பின் சூடு தீ அணைத்த பிறகும் வேகவைக்கும். சோறு வடித்த பிறகு ஈரலை ஆரம்பிப்பது நல்லது. திரும்பச் சூடு பண்ணினால் மறுபடி இறுகும்.