கேட்காத பார்சலுக்குப் பணம் கொடுக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை

நாங்கள் யாரும் ஆர்டர் செய்யாமல் கேஷ் ஆன் டெலிவரியில் வீட்டுக்கு வந்த ஒரு பார்சலுக்கு அம்மா 799 ரூபாய் கொடுத்துவிட்டதைப் பற்றி நான் போட்ட பதிவின் கீழ் நீங்கள் எழுதியவற்றை எல்லாம் படித்தேன். பாதிப் பேர் என் அம்மாவைத்தான் குற்றம் சொல்லியிருக்கிறீர்கள். "வயதானவர்களிடம் பணத்தைக் கொடுத்து வைத்தால் இப்படித்தான்" என்று ஒருவர் எழுதியதற்கு முப்பது பேர் விருப்பக்குறி இட்டிருப்பது எனக்கு வலிக்கிறது.

அம்மா ஏன் பணம் கொடுத்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். லேபிளில் என் பெயர், சரியான கதவு எண், என் கைப்பேசி எண் எல்லாமே இருந்தன. நான் அலுவலகக் கூட்டத்தில் இருந்ததால் அவருடைய அழைப்பை எடுக்கவில்லை. மகன் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாதே என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். உள்ளே இருந்தது சாயம் போன ஒரு துப்பட்டா. முகவரி சரியாக இருப்பதால் ஆர்டரும் உண்மை என்று ஆகிவிடாது. நம் பெயரும் எண்ணும் எத்தனையோ கடைகளின் பட்டியல்களில் கிடக்கின்றன.

"பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்திருக்கலாமே" என்கிறார்கள். கேஷ் ஆன் டெலிவரியில் பெரும்பாலும் பணம் வாங்கிய பிறகே பிரிக்க விடுவார்கள். ஆகவே முடிவு வாசலிலேயே, பணம் கைமாறும் முன்பே எடுக்கப்பட வேண்டும். ஆர்டர் செய்தவரிடம் பேச முடியவில்லை என்றால் வாங்க வேண்டாம். "வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்" என்று சொன்னால் போதும். அது அனுப்பியவருக்கே திரும்பிவிடும். உண்மையிலேயே நாம் வாங்கிய பொருளாக இருந்தால் மறுபடி ஆர்டர் செய்துகொள்ளலாம். கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவதுதான் கடினம்.

அது ஏன் கடினம் என்பதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். ஆர்டர் என் கணக்கில் போடப்படவில்லை. எனவே எந்தச் செயலியிலும் அதைத் திருப்பி அனுப்பும் பொத்தான் எனக்குக் கிடையாது. கையில் இருப்பது லேபிளில் உள்ள கண்காணிப்பு எண் மட்டுமே. கூரியர் நிறுவனம் வசூலித்த பணத்தை விற்றவருக்கு வழக்கமாகச் சில நாட்கள் கழித்தே அனுப்புகிறது என்பதால், அன்றைக்கே அந்த எண்ணோடு கூரியருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பணத்தை நிறுத்தி வைக்கக் கேட்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணையவழிப் பண மோசடி என்றால் 1930. லேபிளைக் கிழித்துப் போட்டுவிட்டால் புகாருக்குப் பிடிமானமே இருக்காது. பெட்டியில் அச்சிட்ட உதவி எண்ணையும், உள்ளே இருக்கும் பரிசுச் சீட்டின் கியூஆர் குறியீட்டையும் நம்ப வேண்டாம்.

"பணம் கேட்காமல் வந்தால் லாபம்தானே, வைத்துக்கொள்ளலாம்" என்று எழுதிய நண்பர், அமெரிக்காவில் அப்படித்தான் சட்டம் என்று சொல்லியிருந்தார். அங்கே கேட்காமல் அஞ்சலில் அனுப்பப்பட்ட பொருளை அன்பளிப்பாகக் கருதலாம் என்பது உண்மை. நம் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 வேறு மாதிரி பேசுகிறது. அதன் 70ஆவது பிரிவில் தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டே இதுதான்: ஒரு வணிகர் தவறுதலாகப் பொருளை இன்னொருவர் வீட்டில் விட்டுச் செல்கிறார்; வீட்டுக்காரர் அதைத் தனதாகப் பயன்படுத்திக்கொண்டால் விலை கொடுக்கக் கடமைப்பட்டவராகிறார். அதனால் பிரிக்காமல், பயன்படுத்தாமல் தனியே வையுங்கள். லேபிளைப் படம் எடுங்கள். வந்து எடுத்துச் செல்லும்படி அனுப்பியவருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். பயன்படுத்தாதவரை "பணம் கட்டு" என்று யாரும் மிரட்ட முடியாது. லேபிளில் பக்கத்து வீட்டார் பெயர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

டெலிவரிக்கு வந்த இளைஞரைத் திட்டியவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது. அவர் ரத்து செய்வதற்கு ஓடிபி கேட்டால் மட்டும் கவனமாக இருங்கள். சில நிறுவனங்கள் உண்மையாகவே கேட்கின்றன. ஆனால் அந்தக் குறுஞ்செய்தியை முழுவதும் படித்து, அது மறுப்புக்கான எண்தான் என்று தெரிந்த பிறகே சொல்ல வேண்டும். வங்கியிலிருந்து வந்த எண் என்றால் எக்காரணம் கொண்டும் சொல்லக் கூடாது.

இதையெல்லாம் அம்மாவுக்கு முன்பே சொல்லித் தந்திருக்க வேண்டியது யார்? பொருளை ஒப்படைக்கும் முன் ஆர்டர் செய்தவரிடம் உறுதி கேட்காமல் பணம் வசூலிக்கும் நிறுவனத்தை யாருமே கேள்வி கேட்கவில்லை. வாசலில் நின்ற எழுபது வயதுப் பெண்ணை மட்டும் கேட்கிறீர்கள். அவர் அன்றிலிருந்து அழைப்புமணி அடித்தாலே என்னைப் பார்க்கிறார். வயதானவர்களைப் பற்றிய அந்தக் கருத்தை எழுதியவர் அதை நீக்கிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கு வந்த பார்சல்களின் லேபிளைக் கருத்துப் பகுதியில் அப்படியே படமாகப் போட்டிருப்பவர்களும் உடனே எடுத்துவிடுங்கள். உங்கள் முகவரியும் எண்ணும் அதில் தெளிவாகத் தெரிகின்றன.