வெட்டியது உற்சாகத்தை அல்ல

புதுத் தொழில்களுக்குக் கைகொடுக்கும் ஓர் இன்குபேட்டருக்குத் தம்பி எழுதிய விண்ணப்பத்தில் முக்கால்வாசியை நான் வெட்டியதற்கு இரண்டு நாளாகத் திட்டு வாங்குகிறேன். "வளர்கிற பெடியனின் மனதை உடைத்துவிட்டீர்கள்" என்று எழுதியவர்களில் என்னோடு படித்தவர்களும் உண்டு. வலிக்கிறது. ஆனாலும் வெட்டியது சரிதான்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலிருந்து சாப்பாட்டுக் கடைகளுக்கு மரக்கறி கொண்டுபோய்க் கொடுப்பது அவனுடைய தொழில். வாடிக்கையாளர்கள் யார், இதுவரை எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று இன்குபேட்டர் கேட்டிருந்தது. அதற்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். வடக்கின் விவசாயத்தையே மாற்றப்போகிறோம், எல்லாக் கடைகளுக்கும் இது தேவை, இரவு பகலாக உழைக்கிறோம். எத்தனை கடைகள் வாங்குகின்றன என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

பில் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னேன். அதைப் பார்த்து எழுதிய பதில் இவ்வளவுதான்: "7 வாரத்தில் 11 கடைகள் காசு கொடுத்து வாங்கின. 8 கடைகள் இப்போதும் வாரம் மூன்று முறை வாங்குகின்றன. 3 கடைகள் நிறுத்திவிட்டன. அவர்களுக்குக் காலை 6 மணிக்கு முன் வேண்டும், எங்களால் முடியவில்லை. பில்கள் உண்டு."

இதில் கனமானது 11 அல்ல, 8. முதல் தடவை தெரிந்த பெடியன் என்பதற்காகவும் வாங்குவார்கள். ஏழாவது வாரமும் வாங்கினால் அது தேவை. நிறுத்திய மூன்று கடைகளை ஏன் எழுத வேண்டும் என்று கேட்டீர்கள். நேர்முகத்தில் அதைத்தான் கேட்பார்கள். காரணம் தெரிந்தவனோடு அவர்களால் மேலே கதைக்க முடியும். உற்சாகத்தை எல்லோரும்தான் எழுதுகிறார்கள், அதை வைத்து வாசிப்பவர் யாரைப் பிரித்தறிவது? முகநூலில் 200 பேர் விருப்பம் போட்டார்கள் என்ற வரியையும் வெட்டினேன். அந்த 200 பேரில் ஒருவர்கூடக் காசு கொடுக்கவில்லை.

ஆங்கிலம் வராத பிள்ளைகள் சுருக்கமாக எழுத முடியாதாம். ஒன்றரைப் பக்கத்தைவிட நாலு வரி எழுதுவது கஷ்டமா?

விற்பனையே தொடங்காதவன் என்ன செய்வான் என்ற கேள்வி மட்டும் நியாயமானது. அவன் போய்ப் பார்த்ததை எழுதலாம். எத்தனை காலை சந்தையில் நின்றான், எத்தனை கடைக்காரரோடு கதைத்தான், அவர்கள் இப்போது யாரிடம் வாங்குகிறார்கள், வாரத்துக்கு எவ்வளவு அழுகிப் போகிறது. "நல்ல ஐடியா" என்று சொன்னவர்களை எண்ணக்கூடாது. முற்பணம் தந்த ஒருவர் இருந்தால் அவரை முதல் வரியில் எழுத வேண்டும்.

புதுத் தொழில்களில் முதலிடும் அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டரின் விண்ணப்பத்தில் நிறுவனம் என்ன செய்கிறது என்பதை 50 எழுத்துகளுக்குள் சொல்லச் சொல்வார்கள். அவர்களும் மனதை உடைக்கிறார்களா?

நானும் ஒரு காலத்தில் கனவைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போனவன்தான். "போன மாதம் எத்தனை பேர் காசு கொடுத்தார்கள்?" என்று ஒரேயொரு கேள்வி கேட்டார்கள். பதில் இல்லாமல் இருந்தேன். அன்றைக்கு முதல்நாள் யாராவது என் விண்ணப்பத்தை வெட்டியிருக்கலாம் என்று இப்போதும் நினைப்பேன். எல்லோரும் பாராட்டித்தான் அனுப்பினார்கள்.

நேற்றிரவு அவனே கோல் எடுத்தான். நிறுத்திய மூன்று கடைகளில் ஒன்றுக்கு நாளைக் காலை ஐந்தரைக்கே மரக்கறி கொண்டுபோய்ப் பார்க்கப் போகிறானாம். அவனுக்காக என்னைத் திட்டியவர்களில் ஒருவரும் அந்த மூன்று கடைகளைப் பற்றி அவனிடம் கேட்கவில்லை.