மாதங்களைக் கூட்டினால் காலாண்டு டோட்டல் வரவில்லையா? அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள்

ஆண்டைத் தட்டினால் காலாண்டு, காலாண்டைத் தட்டினால் மாதம் என்று இறங்கிப் போகும் டேஷ்போர்டுகளைச் செய்து கொடுப்பதுதான் என் வேலை. எந்த நிறுவனத்துக்குச் செய்தாலும் ஒரு கேள்வி வந்தே தீரும்: "மூணு மாசத்தையும் கூட்டிப் பார்த்தேன், காலாண்டு டோட்டல் வரலையே சார்?" கேட்பவர் பெரும்பாலும் கணக்குப் பிரிவில் இருப்பவர். அவர் கேட்பது நியாயம். ஆனால் அந்தக் கேள்வியைச் சமாளிப்பதற்காக, கூட்டினால் சரியாக வரும்படி டோட்டலையே மாற்றிவிடும் வழக்கம் இருக்கிறதே, அது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதில்லை.

மோட்டார் உதிரிபாக மொத்த வியாபாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் விற்பனை 20 லட்சம், மே மாதம் 30 லட்சம், ஜூனில் 100 லட்சம். காலாண்டுக்கு 150 லட்சம். இதில் யாருக்கும் சண்டை இல்லை. பணம் கூட்டக்கூடிய சரக்கு.

அடுத்த நெடுவரிசை, வாங்கிய கடைகளின் எண்ணிக்கை. ஏப்ரலில் 120, மேயில் 130, ஜூனில் 110. கூட்டினால் 360. டேஷ்போர்டு காலாண்டுக்கு 170 என்று காட்டுகிறது. 170 தான் சரி. மூன்று மாதமும் வாங்கிய கடை ஒவ்வொரு மாதத்திலும் ஒரு தடவை எண்ணப்படும், காலாண்டில் மொத்தமே ஒரு தடவைதான் எண்ணப்படும். டேஷ்போர்டு செய்யும் மென்பொருளான பவர் பிஐயில் இதற்கான சூத்திரம் ஒரே வரி:

```
Customers = DISTINCTCOUNT(Sales[CustomerID])
```

இதைக் "கூட்டி வர வைக்க" எழுதப்படுவது இது:

```
Customers Forced = SUMX(VALUES('Date'[MonthYear]), [Customers])
```

இரண்டாவது சூத்திரத்தைப் போட்டதும் 360 வந்துவிடும், கேள்வி கேட்டவரும் திருப்தியாகப் போய்விடுவார். அப்புறம் யாராவது "ஒரு கடை காலாண்டுக்குச் சராசரியாக எவ்வளவு வாங்குது?" என்று அதே அட்டவணையை வைத்துக் கணக்குப் போடுவார். 150 லட்சத்தை 360ஆல் வகுத்தால் சுமார் 41,700 ரூபாய். உண்மையில் அது சுமார் 88,200. கடைகளுக்குக் கடன் வரம்பு வைப்பதும், எந்தக் கடைக்கு விற்பனைப் பிரதிநிதியை அனுப்புவது என்பதும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகும். ஒரு டோட்டலைப் பார்வைக்குச் சரியாக்கப் போய், ஒரு கடை வாங்கும் அளவையே பாதிக்கும் கீழாகக் காட்டிவிடுகிறோம்.

லாப சதவீதமும் இப்படித்தான். ஏப்ரலில் 30%, மேயில் 20%, ஜூனில் 8%. மூன்றின் சராசரி 19 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆனால் ரூபாயில் பாருங்கள்: லாபம் முறையே 6, 6, 8 லட்சம், ஆக 20 லட்சம். 150 லட்சம் விற்பனைக்கு 20 லட்சம் என்றால் 13.3% தான். ஜூனில் தள்ளுபடி கொடுத்து நிறைய விற்றிருக்கிறார்கள், அதன் எடை காலாண்டு எண்ணில் தெரிய வேண்டும். ஆகவே எந்த மட்டத்திலும் லாபத்தைத் தனியாகக் கூட்டி, விற்பனையைத் தனியாகக் கூட்டி, கடைசியில் வகுக்க வேண்டும். மாதச் சதவீதத்தை ஒரு நெடுவரிசையாகச் சேமித்து வைத்து, அதற்கு மேலே சராசரி போட்டால் எண் தப்பாகிவிடும்.

கையிருப்பு இன்னொரு வகை. ஏப்ரல், மே, ஜூன் கடைசி நாள் கையிருப்புகளைக் கூட்டுவதில் அர்த்தமே இல்லை. காலாண்டுக் கையிருப்பு என்றால் ஜூன் 30 கையிருப்பு. ஆனால் கோடவுனில் ஞாயிற்றுக்கிழமை இருப்பு பதிவாகாது என்றால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 31 ஞாயிறு. காலண்டரின் கடைசி நாளை எடுக்கும் `LASTDATE` வைத்து எழுதியிருந்தால் ஆகஸ்ட் மாதம் வெறுமையாகவும், ஜூலை–செப்டம்பர் காலாண்டு ஒழுங்காகவும் தெரியும். செப்டம்பர் 30 செவ்வாய்க்கிழமை, அதனால். காலாண்டில் எண் இருக்கிறது, மாதத்துக்கு இறங்கினால் காணோம் என்றால் முதலில் காலண்டரைப் பாருங்கள். பதிவான கடைசி நாளை எடுக்கும்படி மாற்றினால் சரியாகிவிடும்.

சரி, இவையெல்லாம் கூட்டி வரக் கூடாதவை. விற்பனைத் தொகை மாதிரி கூட்டி வந்தே ஆக வேண்டிய எண்ணும் சில சமயம் வராது. அப்போதுதான் உண்மையிலேயே கவலைப்பட வேண்டும்.

பெரும்பாலும் காரணம் தேதியில் இருக்கும். சில பில்களில் தேதியோடு நேரமும் சேர்ந்து பதிவாகியிருக்கும். திரையில் தேதி மட்டும் தெரியும்படி வடிவம் மாற்றியிருப்பார்கள், உள்ளே நேரம் அப்படியே கிடக்கும். காலண்டர் அட்டவணையில் ஒவ்வொரு நாளும் நள்ளிரவு 12 மணியாக இருப்பதால் இரண்டும் பொருந்தாது. பொருந்தாத பில்கள் எல்லாம் `(Blank)` என்ற வரிசையில் போய் உட்காரும். அது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று யாராவது அட்டவணையில் அதை வடிகட்டிவிடுவார். மேலே உள்ள அட்டையில் 150 லட்சம், கீழே மாதங்களைக் கூட்டினால் 146 லட்சம். அந்த வெற்று வரிசையை ஒளிக்கவே கூடாது என்பேன். எங்கே கோளாறு என்று காட்டிக் கொடுப்பதே அதுதான்.

ஆன்லைன் ஆர்டர்கள் உலகப் பொது நேரத்தில் பதிவானால் இன்னொரு சிக்கல். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. ஏப்ரல் 1 அதிகாலை 3 மணிக்கு வந்த ஆர்டர், அங்கே மார்ச் 31 இரவு 9.30. நிதியாண்டே மாறிப்போகும். தேதியைப் பிரிப்பதற்கு முன்பே நேரத்தை மாற்றிவிட வேண்டும்.

காலாண்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பவர் பிஐ தானாகவே உருவாக்கும் தேதி அடுக்கு ஜனவரியில் தொடங்கும். அதில் ஜனவரி–மார்ச் முதல் காலாண்டு, நம் நிதியாண்டில் அது நான்காவது. சொந்தமாகக் காலண்டர் அட்டவணை போட்டு, அதில் நிதியாண்டு, காலாண்டு, மாதம் என்று வரிசையாக வைத்துக்கொள்ளாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

இறங்கும் பொத்தானிலும் கவனம் தேவை. `Go to the next level in the hierarchy` என்பதை அழுத்தினால் எல்லா ஆண்டுகளின் முதல் காலாண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கம்பமாக நிற்கும். `Expand all down one level in the hierarchy` என்பதை அழுத்தினால்தான் ஆண்டு வாரியாகப் பிரிந்து தெரியும். இரண்டு பேர் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வேறு வேறு எண் சொல்லிச் சண்டை போடுவது பெரும்பாலும் இதனால்தான்.

இப்போது நான் கொடுக்கும் எந்த அட்டவணையிலும் டோட்டல் வரிசைக்கு வெறும் "மொத்தம்" என்று பெயர் வைப்பதில்லை. கடைகள் என்றால் "காலாண்டில் வாங்கிய தனித்தனிக் கடைகள்", கையிருப்பு என்றால் "காலாண்டுக் கடைசி இருப்பு". பெயர் நீளமாக இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள், இருக்கட்டும். விற்பனைக்கு மட்டும் தனியாக ஒரு சோதனைப் பக்கம் வைக்கிறேன்: ஒரு பக்கம் மாதங்களின் கூட்டுத்தொகை, மறு பக்கம் கணக்குப் பிரிவின் பேரேட்டில் உள்ள தொகை, நடுவில் வித்தியாசம். அந்த வித்தியாசம் பூஜ்யம் ஆகாத வரை டேஷ்போர்டை முதலாளிக்கு அனுப்புவதில்லை.